40/5/12.5: ஒரே பிரஷர் குளிசையா, மூன்று தனிக் குளிசைகளா?

கொழும்பில் பிரஷருக்கு மருந்து எடுப்பவர் கையில் இன்று இரண்டு விதமான மருந்துகள் இருக்கலாம். அரச கிளினிக்கில் பெரும்பாலும் தனித்தனிக் குளிசைகள் தருவார்கள். தனியார் டொக்டர் எழுதும் துண்டிலோ இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்த ஒரே குளிசை இருக்கும். இவற்றில் எது நல்லது என்று கேட்பதற்கு முன், அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் உள்ளடக்க வரியைப் படிக்கத் தெரிய வேண்டும். அதைப் படிக்காமல் இரண்டையும் ஒப்பிட முடியாது.

வழக்கமாகக் கிடைக்கும் ஒரு மூன்று மருந்துக் குளிசையின் வரியைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

ஒவ்வொரு பூச்சற்ற இரட்டை அடுக்குக் குளிசையிலும் இருப்பது:
டெல்மிசார்ட்டன் ஐ.பி. 40 மி.கி.
அம்லோடிபின் பெசிலேட் ஐ.பி., 5 மி.கி. அம்லோடிபினுக்குச் சமமான அளவு
ஹைட்ரோகுளோரோதையசைட் ஐ.பி. 12.5 மி.கி.
துணைப்பொருட்கள் தேவையான அளவு

ஐ.பி. என்பது அந்த மருந்து இந்திய மருந்தியல் நூலின் தரத்துக்கு அமைந்தது என்ற குறி. பிரித்தானிய நூலானால் பி.பி., அமெரிக்க நூலானால் யு.எஸ்.பி. என்று இருக்கும். அது மாறினாலும் மருந்தின் அளவு மாறாது. கடைசி வரியில் உள்ளவை குளிசைக்கு வடிவம் கொடுக்கும் மாவும் பசையும் நிறமும். நடுவில் உள்ள மூன்று பெயர்களும்தான் உடலில் வேலை செய்பவை. டெல்மிசார்ட்டன் இரத்தக்குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சினைத் தடுக்கிறது. அம்லோடிபின் குழாயின் தசையைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதையசைட் சிறுநீரோடு உப்பை வெளியேற்றுகிறது.

‘சமமான அளவு’ என்ற சொல் பலரைக் குழப்புகிறது. அம்லோடிபின் தனியாக அல்ல, பெசிலேட் என்ற உப்பாகவே குளிசைக்குள் போகிறது. ஏறத்தாழ 6.9 மி.கி. பெசிலேட்டில்தான் 5 மி.கி. அம்லோடிபின் இருக்கிறது. ஆகவே ஓர் அட்டையில் ‘அம்லோடிபின் 5 மி.கி.’ என்றும் மற்றதில் ‘பெசிலேட், 5 மி.கி.க்குச் சமம்’ என்றும் இருந்தால் இரண்டும் ஒரே அளவுதான். டெல்மிசார்ட்டனின் வகையைச் சேர்ந்த லொசார்ட்டனில் கணக்கு வேறு. அங்கே ‘லொசார்ட்டன் பொட்டாசியம் 50 மி.கி.’ என்பது உப்போடு சேர்த்த எடை. பெயரில் பொட்டாசியம் இருப்பதால் பயப்படவும் வேண்டாம், அந்தக் குளிசையில் இருப்பது 5 மி.கி.க்கும் குறைவு. பொட்டாசியம் ஏறுவது அந்த உப்பினால் அல்ல. சிறுநீரகம் அதை வெளியேற்றுவதை மருந்து குறைப்பதால்தான் ஏறுகிறது.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். ஒரே குளிசைக்குச் சாதகமான வலுவான ஆதாரம் இலங்கையிலேயே கிடைத்தது. 2016க்கும் 2017க்கும் இடையில் இங்குள்ள நகர வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. ட்ரையம்ஃப் என்பது அதன் பெயர், 2018இல் முடிவு வெளியானது. ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சை, மற்றவர்களுக்கு டெல்மிசார்ட்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தாலிடோன் 12.5 மி.கி. சேர்ந்த குளிசை. ஆறு மாத முடிவில் சேர்மானக் குளிசை எடுத்தவர்களில் 70 வீதமானோரின் பிரஷர் இலக்குக்குள் வந்தது. வழமையான சிகிச்சையில் அது 55 வீதம். பக்கவிளைவால் மருந்தை விட்டவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவே.

இந்த முடிவைக் கேட்டு, பாமசியில் கிடைக்கும் எந்த மூன்று மருந்துக் குளிசையும் அதுதான் என்று நினைத்தால் தவறு. மேலே எழுதிய வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆய்வில் டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் பாதி அளவில் இருந்தன, மூன்றாவது மருந்தும் வேறு. பல மருந்தைச் சிறு அளவில் ஆரம்பத்திலேயே சேர்த்தால் பிரஷர் நன்றாக இறங்கும், பக்கவிளைவும் குறையும் என்பதே அந்த ஆய்வின் எண்ணம். இதுவரை மருந்தே எடுக்காத ஒருவருக்கு 40/5/12.5ஐ நேரே தொடங்குவது அந்த ஆய்வைப் பின்பற்றுவது ஆகாது. முதல் வாரத்திலேயே எழும்பி நிற்கும்போது தலை சுற்றக்கூடும்.

மூன்றாவது மருந்தில்தான் அதிகம் பிழை நடக்கிறது. ஹைட்ரோகுளோரோதையசைட் 12.5, குளோர்தாலிடோன் 12.5 என எண் ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்கு மற்றதை மாற்றித் தரலாம் என்று தோன்றும். ஆனால் மி.கி.க்கு மி.கி. குளோர்தாலிடோன் வலுவானது, உடலில் இரண்டு நாளளவுக்கு நின்று வேலை செய்வது. மாற்றியபின் வயதானவர்களுக்குச் சோடியமும் பொட்டாசியமும் குறையலாம். சோர்வு, கால் தசைப் பிடிப்பு, தடுமாற்றம் என்றுதான் அது முதலில் தெரியும். இப்படி மாற்றினால் சில வாரங்களில் இரத்தத்தில் அந்த இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

குறுக்குக் கோடு போட்ட எண்களையும் அப்படியே நம்ப முடியாது, வரிசை கம்பனிக்குக் கம்பனி மாறும். டெல்மிசார்ட்டன் சேர்மானங்களில் அது முன்னாலும் அம்லோடிபின் பின்னாலும் வரும்: 40/5. வல்சார்ட்டன் சேர்மானத்தில் அம்லோடிபினை முன்னால் போட்டு 5/80 என்று எழுதுவதுண்டு. இன்னும் ஆபத்தானது இரண்டு எண் மட்டும் உள்ள பெட்டி. 40/12.5 என்றால் டெல்மிசார்ட்டனோடு சேர்ந்திருப்பது நீர் போக்கும் மருந்தான ஹைட்ரோகுளோரோதையசைட், 40/5 என்றால் அம்லோடிபின். வர்த்தகப் பெயரின் வால் எழுத்துகளான எச், ஏஎம், பிளஸ் போன்றவற்றுக்கும் எல்லாக் கம்பனிக்கும் பொதுவான விதி கிடையாது. பெயரை விட்டுவிட்டு உள்ளடக்க வரியையே பாருங்கள்.

தனித்தனிக் குளிசைகளின் பலம் அளவை மாற்றும்போது தெரியும். அம்லோடிபினால் கணுக்கால் வீங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தனியாக இருந்தால் டொக்டர் 5ஐ 2.5 ஆக்கிவிட்டு மற்ற இரண்டையும் தொடரச் சொல்லலாம். சேர்மானத்தில் அது முடியாது. குளிசையைப் பாதியாக உடைத்தால் 20/2.5/6.25 ஆகும், மூன்றும் சேர்ந்து குறையும். அதுவும் சரி பாதியாக உடைந்தால்தான். இரட்டை அடுக்குக் குளிசை உடைக்கும்போது அடுக்கோடு கழரக்கூடும், அப்போது எந்த மருந்து எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது.

அந்த இரட்டை அடுக்குக்கும் ஒரு காரணம் உண்டு. டெல்மிசார்ட்டன் கரைவதற்குக் காரத்தன்மையுள்ள பொருட்களைச் சேர்க்கிறார்கள், அவை பக்கத்தில் உள்ள மருந்தைக் கெடுக்கும் என்பதால் அடுக்குப் பிரிக்கிறார்கள். டெல்மிசார்ட்டன் குளிசை காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். கொழும்பின் காற்றில் இதைக் காகித உறையில் உதிரியாக வாங்குவதும், ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே பெட்டியில் பிரித்துப் போடுவதும் சரியல்ல. எடுக்கும் நேரம் வரை அட்டையிலேயே இருக்கட்டும். உப்பி, மென்மையாகி, நிறம் மாறியதை விட்டுவிடுங்கள்.

இரண்டு வழியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போதுதான் பெரிய கேடு. வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு அம்மாவின் கிளினிக் கொப்பியில் லொசார்ட்டன் 50 மி.கி., ஹைட்ரோகுளோரோதையசைட் 12.5 மி.கி. என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைச்சுற்றென்று தனியார் டொக்டரிடம் போகிறார், கொப்பியைக் கொண்டுபோகவில்லை. அங்கே 40/5/12.5 எழுதப்படுகிறது. வீட்டில் மூன்று பெயரும் வேறுவேறாகத் தெரிவதால் எல்லாவற்றையும் எடுக்கிறார். வரிகளை அவிழ்த்து ஒரு தாளில் எழுதினால் நடப்பது தெரியும். லொசார்ட்டனும் டெல்மிசார்ட்டனும் ஒரே வகை, இரட்டித்துவிட்டது. ஹைட்ரோகுளோரோதையசைட் 12.5உம் 12.5உம் சேர்ந்து 25. உண்மையில் புதிதாகச் சேர்ந்தது அம்லோடிபின் மட்டுமே. பிரஷர் அளவுக்கு மீறி இறங்கலாம், பொட்டாசியம் ஏறலாம், சிறுநீரகத்தின் வேலை குறைவதைக் காட்டும் கிரியேட்டினின் கூடலாம்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி பெயரின் கடைசிப் பகுதி. ‘சார்ட்டன்’ என்று முடிபவை எல்லாம் ஒரே வகை, ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். எனலப்ரில், ரமிப்ரில் போன்ற ‘ப்ரில்’ மருந்துகளும் அதே பாதையில் வேலை செய்பவை. 2008இல் வெளியான ஒன்டார்கெட் ஆய்வில் டெல்மிசார்ட்டனையும் ரமிப்ரிலையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் நன்மை வரவில்லை, பக்கவிளைவே கூடியது. ஆகவே தாளில் குளிசையின் பெயரை எழுதாதீர்கள். வரியில் உள்ள ஒவ்வொரு மருந்தையும் தனி வரியாக, மி.கி.யோடு எழுதி, ஒரே பெயரோ ஒரே முடிவோ இருமுறை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நீங்களாக ஒன்றை நிறுத்தாமல், அந்தத் தாளோடு பாமசிஸ்ட்டிடமோ டொக்டரிடமோ அன்றைக்கே காட்டுங்கள்.

எங்கள் தேர்வைக் கேட்டால், அளவு இன்னும் மாறிக்கொண்டிருக்கும்போது தனிக் குளிசைகள். சில மாதமாக அதே அளவில் பிரஷர் நிற்கிறது, இரத்தப் பரிசோதனையும் சரி என்றால், அதே மருந்து அதே மி.கி.யில் சேர்ந்த ஒரே குளிசை, மறதி குறையும். ஆய்வில் போலச் சிறு அளவுச் சேர்மானத்தோடே தொடங்க டொக்டர் விரும்பினால் அதுவும் நல்ல வழி. விலையை ஒப்பிடும்போது குளிசைக்குக் குளிசை பார்க்காமல் மாதத்துக்குப் பாருங்கள்: 30 சேர்மானக் குளிசை ஒரு பக்கம், 90 தனிக் குளிசை மறுபக்கம். கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பதை விட்டு வெளியே வாங்குவதானால், ஒவ்வொரு மாதமும் தவறாமல் வாங்க முடியுமா என்பதையும் பாருங்கள். இடையில் விட்டுப்போகும் சேர்மானத்தைவிட ஒழுங்காக எடுக்கும் தனிக் குளிசைகள் மேல்.

பாமசியில் அட்டையை வெட்டித் தந்தால் உள்ளடக்க வரி மற்றத் துண்டோடு போய்விடும். முழு அட்டையையோ பெட்டியையோ கேட்டு வாங்கிப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 40/5/12.5 முடிந்துவிட்டது என்றால் 40/5ஓடு ஹைட்ரோகுளோரோதையசைட் 12.5 தனியாக எடுத்தால் அதே மூன்றும் வரும். தனிக் குளிசை 25ஆகக் கிடைத்தால் பாதி.

அந்தப் படம் இன்னும் இரண்டு இடத்தில் தேவைப்படும். இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் அல்லது இபுப்ரோஃபென் வாங்கும்போது காட்டுங்கள். சார்ட்டனும் நீர் போக்கும் மருந்தும் ஏற்கெனவே உள்ளே இருக்கையில் இது மூன்றாவதாகச் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம். சேர்மானம் எடுப்பவருக்கு அந்த இரண்டும் ஒரே பெயருக்குள் மறைந்திருப்பதால் கவுண்டரில் யாருக்கும் தெரியாமல் போகும். வாந்தி, வயிற்றோட்டம் வந்து நீர் வற்றும் நாட்களிலும் காட்டுங்கள். அப்போது டொக்டர்கள் சார்ட்டனையும் நீர் போக்கும் மருந்தையும் சில நாள் நிறுத்தச் சொல்வதுண்டு. தனிக் குளிசை எடுப்பவர் அம்லோடிபினைத் தொடர்ந்து எடுக்கலாம், சேர்மானம் எடுப்பவருக்கு மூன்றும் நிற்கும். அந்த இடைவெளியில் அம்லோடிபினைத் தனியாக எடுப்பதா என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கி வையுங்கள்.