காராச்சேவு எப்போது பொரித்தது? சாத்தூரில் கிடைத்த பதில்

ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு பெட்டி ஊர்ப் பலகாரம் வரும். சென்னையில் இருந்து அனுப்பும் ஒரு நிறுவனத்திடம் ஆறு மாதச் சந்தா கட்டியிருந்தோம். சாத்தூர் காராச்சேவு, மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டி கடலைமிட்டாய், ராமநாதபுரம் முண்டு வத்தல், சாம்பார்ப் பொடி என்று ஊர் ஊராகச் சேர்த்து அனுப்புவார்கள். முதல் இரண்டு பெட்டிகள் அருமை. ஜூன் 3 அன்று வந்த மூன்றாவது பெட்டியில் காராச்சேவை ஒரு பிடி வாயில் போட்டதும் தொண்டை காறியது. எண்ணெய்ச் சிக்கு வாடை. உறையில் பேக் செய்த தேதி மே 22. பன்னிரண்டே நாளில் இப்படி ஆகுமா என்று எனக்குப் புரியவில்லை. விமானத்தில் வந்ததால் கெட்டிருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை.

பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விட்டு ஆடியில் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக இதைத்தான் எடுத்துக்கொண்டேன். பெட்டிக்குள் இருந்த சீட்டில் எந்தக் கடைச் சரக்கு என்று போட்டிருந்தது. சித்தப்பாவுக்குப் பழக்கமான கடைதான். காலை பத்து மணிக்குப் போனோம். உள்ளே ஒருவர் கடலை மாவும் அரிசி மாவும் பூண்டும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்த மாவைத் துளைக்கரண்டியில் வைத்து உள்ளங்கையால் தேய்க்க, கொதிக்கும் கடலெண்ணெயில் சேவு துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. பொரிந்ததை அள்ளி அகலமான தாம்பாளத்தில் பரப்பிவிட்டார்கள். நன்றாக ஆறும் வரை யாரும் அதைக் கவரில் போடவில்லை. சூட்டோடு கட்டினால் உள்ளே ஆவி நீராகி, இரண்டு நாளில் நமுத்துவிடும்.

அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். "அண்ணாச்சி, மே 22-ல் பேக் பண்ணினது ஜூன் 3-ல் எங்களுக்கு வந்தது. அதுக்குள்ள சிக்கு வாடை வந்துருச்சு."

அவர் பதில் சொல்லவில்லை. பில் நோட்டை எடுத்துப் பக்கம் புரட்டினார். விரலை ஒரு வரியில் வைத்து என் பக்கம் திருப்பினார். "பாரும்மா. மே 4-ஆம் தேதி பொரிச்சது. அன்னைக்கு சாயங்காலமே லாரியில ஏத்திட்டோம். 40 கிலோ, மொத்தச் சாக்கு. அதுக்கப்புறம் அவங்க எப்போ பிரிச்சாங்க, எங்க வச்சாங்கன்னு எங்களுக்குத் தெரியாது."

அப்போதுதான் முழுக் கதையும் பிடிபட்டது. ஒரு பெட்டியில் ஏழு ஊர்ச் சரக்கு. முதலில் வந்தது கடைசியில் வருவதற்காகச் சென்னையில் காத்திருக்கிறது. மே மாத வெயிலில், சாக்கில், காற்றுப் பட்டுக்கொண்டே. பெட்டி கட்டும் நாளில்தான் அதைச் சின்ன உறையில் மாற்றி, அன்றைய தேதியைப் போடுகிறார்கள். எனக்கு வந்தபோது அந்தச் சேவுக்கு வயது 12 நாள் அல்ல, 30 நாள். எண்ணெயில் பொரித்ததைச் சிக்கு பிடிக்க வைப்பது காற்றும் வெளிச்சமும் சூடும். மூன்றும் சென்னையிலேயே நடந்துவிட்டன. விமானத்தில் கழிந்த நாட்கள் அதற்கு முன் ஒன்றுமில்லை.

வாடையைக் கண்டுபிடிக்க அண்ணாச்சி ஒரு வழி காட்டினார். நான்கு சேவை உள்ளங்கையில் போட்டுக் கசக்கி, கையை மூடிச் சற்றுச் சூடேறவிட்டு, பிறகு முகர வேண்டும். புதியதில் பூண்டும் கடலை மாவும் மணக்கும். பழையதில் பூண்டுக்கு அடியில் பழைய பெயின்ட் போல ஒரு நெடி எழும். அவர் ஒரு பழைய டப்பாவில் இருந்து எடுத்துத் தந்த சேவில் எனக்கு அது தெளிவாகவே தெரிந்தது. மூன்றாவது பெட்டியில் வந்த அதே நெடி.

கோவில்பட்டி கடலைமிட்டாய் மட்டும் ஏன் மூன்று பெட்டியிலும் நன்றாக இருந்தது என்பதும் இதிலேயே விளங்கியது. அது பொரித்ததல்ல, வறுத்த கடலையில் வெல்லப்பாகு ஊற்றியது. பாகு கடலையைச் சுற்றி மூடிக்கொள்வதால் காற்றுப் படுவது குறைவு. ஈரக்காற்று மட்டும்தான் அதற்கு எதிரி. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. அடர்த்தியானது என்பதால் அனுப்பவும் லாபம்.

அந்த லாபக் கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். கூரியரில் நிஜ எடையோடு பெட்டியின் கன அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். எங்களுக்கு வந்த பெட்டி 40, 30, 25. பெருக்கினால் 30,000, வகுத்தால் 6 கிலோ. உள்ளே சரக்கு 3.2 கிலோதான். மீதி 2.8 கிலோவுக்கு முறுக்கின் ஓட்டைக்கும் காற்றுக்கும் பணம் கொடுத்திருக்கிறோம். அதனால்தான் அடுத்தடுத்த பெட்டிகளில் முறுக்கை அமுக்கித் திணித்து, பாதி உடைந்து வந்தது.

சுங்கத்திலும் ஒரு முறை மாட்டினோம். ஒரு பெட்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வைத்து, மேலே 'அன்பளிப்பு' என்று எழுதியிருந்தார்கள். இந்தியாவில் இருந்து பால் பொருளை அஞ்சலில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. அது போய்விட்டது. அன்பளிப்பு என்று எழுதியதும் தவறு. 45 யூரோ வரை வரி இல்லாத சலுகை ஒரு தனி மனிதர் இன்னொரு தனி மனிதருக்கு எப்போதாவது அனுப்புவதற்கு மட்டும். நாம் காசு கொடுத்து வாங்குவது சரக்கு, 2021 ஜூலை 1 முதல் சிறிய தொகைக்கும் மதிப்புக் கூட்டு வரி உண்டு. பெட்டியில் பில் இல்லாததால் நான் சுங்க அலுவலகத்துக்கே போய் வங்கிக் கணக்கைக் காட்டி மீட்டு வந்தேன். பாதி வேலை நாள் போனது.

இத்தனையும் தெரிந்த பிறகு, திரும்பும் முன் கோவில்பட்டியில் ஒரு சின்னக் கடைக்காரரோடு பேசினேன். அவர் தனியாகவே வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். ஏழு ஊர் வேண்டாம், மாதம் இரண்டு ஊர் போதும் என்று சொன்னேன். சாத்தூரும் கோவில்பட்டியும் பக்கம் பக்கம், காலையில் பொரித்ததை மாலைக்குள் எடுத்துவரலாம். பொரித்த தேதியை உறையில் எழுத வேண்டும், பில் வெளியே ஒட்ட வேண்டும், பால் சேர்ந்தது எதுவும் வேண்டாம். அவர் தயங்கியது தேதிக்கு மட்டும்தான். "தேதி போட்டா அடுத்த நாளே அனுப்பியாகணுமே" என்றார். அதற்காகத்தான் கேட்கிறேன் என்றேன். சரி என்றார்.

முதல் பெட்டி செப்டம்பர் கடைசியில் வந்தது. அளவு 30, 25, 16. கன எடை 2.4 கிலோ, நிஜ எடை 3.2 கிலோ. இந்த முறை சரக்குக்கு மட்டும்தான் கட்டணம். முறுக்கு இல்லை, அதில் பெரியவளுக்குக் கொஞ்சம் வருத்தம். உறையில் பேனாவால் எழுதிய தேதிக்கும் வந்த நாளுக்கும் நடுவே ஒன்பது நாள். நான்கு சேவை எடுத்துக் கசக்கி, கையை மூடி முகர்ந்தேன். பூண்டு வாசம் மட்டும்தான் வந்தது.