எக்ஸ்டென்டட் வாரண்டி இருக்கிறதே என்று இன்ஜின் புரொடெக்டை விட்டேன்

2023 மே மாதம் புது கார் எடுத்தபோது ஷோரூமில் கொடுத்த கொட்டேஷன் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் இன்சூரன்ஸோடு கூடுதலாகப் பணம் கட்டிச் சேர்க்கும் ‘இன்ஜின் புரொடெக்ட் 2,900’ என்ற வரியின் மேல் நீலப் பேனாவால் ஒரு கோடு. கோடு போட்டது விற்பனைப் பையன். தலையாட்டியது நான்.

“எக்ஸ்டென்டட் வாரண்டி எடுத்துட்டீங்கன்னா அஞ்சு வருஷத்துக்கு இன்ஜினைப் பத்திக் கவலையே இல்ல சார். இன்சூரன்ஸும் பம்பர் டு பம்பர். இது எதுக்கு தண்டமா?” என்றார். வாரண்டிக்கு 17,400 ரூபாய் கட்டினேன். 2,900 மிச்சம் என்று சந்தோஷம் வேறு.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. நாங்கள் இருப்பது வேளச்சேரியில். 4ஆம் தேதி பார்க்கிங்கில் ஏறிய தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆனது. காரில் ஹெட்லைட்டுக்கு மேலே சேற்றுக் கோடு. வண்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுவோமே என்று ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். ‘கடக்’ என்றது, நின்றுவிட்டது. இன்னொரு தடவையும் அழுத்தினேன். என் பணம் போனது அந்த இரண்டு அழுத்தலில்தான்.

சர்வீஸ் சென்டரில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியதும் உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் வந்தது. அப்புறம் ஹெட்டைத் திறந்து ஒவ்வொரு பிஸ்டனையும் அதன் உச்சிக்குக் கொண்டுவந்து அளந்தார்கள். மூன்றாவது மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மில்லிமீட்டர் கீழேயே நின்றது. காற்றை பிஸ்டன் அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அமுக்கப் போனதில் கனெக்டிங் ராடு வளைந்து, நீளம் குறைந்துவிட்டது. எஸ்டிமேட் 1,94,000.

முதலில் வாரண்டியைக் கேட்டேன். வாரண்டி என்பது பாகத்திலோ அதைச் செய்த விதத்திலோ இருக்கும் குறைக்கு மட்டும்தான். வெளியிலிருந்து வந்த தண்ணீர், விபத்து, தீ எல்லாம் அதன் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. அதைவிடக் கொடுமை, கம்பெனி வாரண்டியே மூன்று வருஷம். நான் 17,400 கட்டிய எக்ஸ்டென்டட் வாரண்டி 2026 மே மாதம்தான் ஆரம்பிக்கிறது. ஏழு மாதக் காருக்கு அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கம்பெனி வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம், விலை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கும் என்றார் அங்கே ஒருவர். இதை ஷோரூமில் யாரும் சொல்லவில்லை.

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். மரியாதையான மனிதர். வெள்ளம் பாலிசியில் உண்டு, அதனால் சீட், கார்ப்பெட், ஒயரிங், ஆயில் மாற்றுவது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். 41,000 வந்தது. இன்ஜினுக்கு மட்டும் முடியாது என்றுவிட்டார். “நிக்கிற தண்ணி ராடை வளைக்காது சார். இன்ஜின் சுத்தினாத்தான் வளையும். அது வெள்ளத்தால வந்த சேதமில்ல, ஸ்டார்ட் பண்ணினதால வந்தது.” அதற்குப் பின்விளைவுச் சேதம் என்று பெயர். சாதாரண பாலிசியில் அது விலக்கு. அதை உள்ளே கொண்டுவரத்தான் பேனாவால் அடித்த அந்த வரி.

சரி, பம்பர் டு பம்பர்? பேரைக் கேட்டால் எல்லாமே அடக்கம் என்றுதான் தோன்றும். விபத்தில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள் போனால் தேய்மானம் என்று பாதி விலையைக் கழிப்பார்கள். அந்தக் கழிவு இல்லாமல் தருவதுதான் அது. பாலிசியில் சேராத சேதத்தை அது சேர்த்துவிடாது.

எக்ஸ்டென்டட் வாரண்டியே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நாலாவது வருஷம் ஏசி கம்ப்ரசரோ ஃப்யூயல் பம்போ தானாகப் போனால் இன்சூரன்ஸ் சல்லிக்காசு தராது, வாரண்டிதான் தரும். அதுவும் சர்வீஸ் தேதி தவறாமல் அவர்கள் சென்டரிலேயே விட்டிருந்தால். பிரேக் பேடு, கிளட்ச் பிளேட் போன்றவை தேய்கிற சாமான், அவை அதிலும் கிடையாது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை வேண்டாம் என்றதுதான் என் கோபம். வாய்ப்பேச்சு என்பதால் புகாருக்கு என்னிடம் ஆதாரமும் இல்லை. கோடு இருக்கிறது, ‘போட்டது நீங்கதானே’ என்பார்கள்.

தண்ணீரில் நின்ற காரைத் தயவுசெய்து ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள், சேற்றுக் கோடு தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிட்டு டோ செய்து அனுப்புங்கள்.

போன மாதம் மச்சான் கார் எடுத்தான். கொட்டேஷனை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். அதே வரி, அதே மாதிரி ஒரு கோடு. வேறு ஷோரூம்.