‘வர்றீங்களா’வா, ‘குடிக்கலாமா’வா: முதலில் பேசுகிற பெண்ணுக்கு மூன்று வழிகள்

என் தோழி ஒருத்தி மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள். வேலை புதுச்சேரியில். காலையில் கடலூரில் பஸ் ஏறி, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊர்களை எண்ணிக்கொண்டு போய் இறங்கினால் ஆபீஸ். அதே பஸ்ஸில் வருகிற ஒருவரோடு ஏழெட்டு மாதமாகப் பார்வை, தலையசைப்பு, எப்போதாவது இரண்டு வார்த்தை. ஒரு நாள் கன்னியக்கோயில் பக்கத்தில் பஸ் மக்கர் பண்ணி நின்றுபோக, அரை மணி நேரம் ரோட்டோரம் நின்று பேசினார்கள். ‘அடுத்த பஸ் எப்ப வரும்னு தெரிஞ்சா சொல்லுங்க’ என்று கைப்பேசி எண்ணையும் மாற்றிக்கொண்டார்கள். அதற்கப்புறம் மறுபடி தலையசைப்புதான். அவர் பேசுகிற வழியாகவே தெரியவில்லை.

‘நானே கேட்டுடவா?’ என்று என்னிடம் வந்தாள். நம் பக்கம் ஆண் ஆரம்பித்தால் அது துணிச்சல், பெண் ஆரம்பித்தால் அதற்கு வேறு பெயர். அதனால் ‘கேட்கலாமா’ என்பதை விட ‘எப்படிக் கேட்பது’ என்பதற்குத்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். அவள் முன்னால் மூன்று வழி இருந்தது. யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்வது, பெண்ணே முதலில் பேசுவது வழக்கமாக இருக்கிற டேட்டிங் செயலிக்குப் போவது, இவரிடமே நேராகக் கேட்பது.

ஆள் விட்டுச் சொல்வதுதான் நம்மிடம் ரொம்பப் பழைய வழி. அகப்பாடல் மரபிலேயே தலைவி தன் ஆசையைத் தலைவன் முன் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்வதற்குத் தோழி இருக்கிறாள். இதில் இருக்கிற வசதி, மறுப்பு வந்தாலும் நம் முகத்துக்கு நேரே வராது. ‘நான் எங்கே சொன்னேன், அவளாச் சொல்லியிருப்பா’ என்று நழுவிக்கொள்ளலாம்.

ஆனால் செய்தி கை மாறும்போது எடை கூடிவிடும். ‘அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு மட்டும் விசாரி’ என்று என் அலுவலகத்துப் பெண் ஒருத்தி தன் சிநேகிதியிடம் சொல்லிவிட்டாள். அது அந்த ஆளிடம் போய்ச் சேர்ந்தபோது ‘அந்தப் பொண்ணு உன்னைத்தான் கட்டிக்குவேன்னு நிக்குது’ என்று ஆகியிருந்தது. பாவம், அவர் அடுத்த வாரத்திலிருந்து கேன்டீனுக்கே வரவில்லை. விஷயம் ஏற்கெனவே கல்யாணம் என்ற இடத்துக்கு வந்துவிட்டது, இடையில் பேசுவது ஜாதகம் வரை பேசத் தெரிந்த அண்ணியோ அத்தையோ என்றால் இந்த வழி நன்றாக வேலை செய்யும். ‘ஒரு டீ குடிக்கலாமா’ என்ற அளவுக்கு அத்தையை அனுப்ப முடியாது.

செயலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2014-இல் தொடங்கிய பம்பிள் இந்த யோசனையில்தான் பெயர் வாங்கியது. ஆணும் பெண்ணும் பொருந்தினால் முதல் செய்தியைப் பெண்தான் அனுப்ப வேண்டும், அதுவும் 24 மணி நேரத்துக்குள். இல்லாவிட்டால் பொருத்தம் போய்விடும். 2024-இல் அதையே கொஞ்சம் தளர்த்தி, பெண் ஒரு கேள்வியை முன்கூட்டியே வைத்துவிடலாம், ஆண் அதற்குப் பதில் சொல்லித் தொடங்கலாம் என்று மாற்றினார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாக முதல் வரி யோசிப்பது பெண்களுக்கும் அலுப்புத்தான் போல. பெரிய லாபம், யார் முதலில் பேசினார் என்ற பேச்சே அங்கே எழாது, விதியே அதுதான். ஆனால் எங்கள் பக்கம் அதைத் திறந்தால் சனி ஞாயிறு புதுச்சேரி கடற்கரைக்கு வந்த வெளியூர்க்காரர்கள்தான் வரிசையாக வருகிறார்கள். திங்கட்கிழமை காலி. தவிர, என் தோழிக்கு வேண்டியது யாரோ ஒருவர் இல்லை, ஜன்னலோரம் மூன்றாவது சீட்டில் உட்காருகிற இவர்.

ஆக, இவரிடமே நேராகக் கேட்பது. பஸ்ஸுக்குள் என்றால் நாற்பது காது. அதனால் கைப்பேசிச் செய்தி என்று முடிவானது. அதிலும் ஒரு ஆபத்து உண்டு. எழுதியதைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பலாம். நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: அவர் வீட்டுக் குடும்பக் குழுவில் யாராவது உரக்கப் படித்தாலும் கூச வேண்டாத வரியாக இருக்க வேண்டும்.

முதல் சிக்கல் விளி. ஆரம்ப நாட்களில் ஒருமுறை ‘அண்ணா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க’ என்று சொல்லியிருக்கிறாள். நமக்கு அண்ணா என்பது பூட்டு. கண்டக்டர், பக்கத்து சீட்டுக்காரர், பெட்ரோல் போடுகிறவர் எல்லோருக்கும் அதே பூட்டுதான். போட்டது போட்டதுதான், ‘அதை மறந்துடுங்க’ என்று விளக்கப் போனால் இன்னும் அசிங்கமாகும். சத்தமில்லாமல் மாற்ற வேண்டும். ஒத்த வயதென்றால் பெயரோடு ‘ங்க’ போதும். நாலைந்து வயது மூத்தவரென்றால் வெறும் பெயர் மரியாதைக் குறைவாகக் கேட்கும். அப்போது விளியையே விட்டுவிட்டு, வினையில் இருக்கிற ‘ங்க’ மரியாதையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடலாம். ‘சார்’ போட்டால் விஷயம் ஆபீசுக்குப் போய்விடும், ‘ப்ரோ’ போட்டால் அண்ணாவின் இங்கிலீஷ் பூட்டு.

அப்புறம் வரிகள். அவள் முதலில் எழுதியது ‘ஹாய், சாப்பிட்டீங்களா?’ இதற்கு ‘சாப்டேன், நீங்க?’ என்பதைத் தவிர அந்த மனிதர் என்ன சொல்ல முடியும்? மூன்று நாள் சாப்பாட்டைப் பற்றியே பேசிவிட்டு நின்றுபோகும்.

இரண்டாவது வரைவு: ‘உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?’ நான் பார்த்தவரை பெண்கள் அதிகம் எழுதுகிற முதல் வரி இதுதான், இருப்பதிலேயே மோசமானதும் இதுதான் என்பேன். தப்பு என்ற சொல்லை நாமே கொண்டுவந்து வாசலில் வைக்கிறோம். கேள்வி வருவதற்கு முன்பே அவர் தப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார், இல்லாவிட்டால் ‘கடன் கேட்கப் போறாங்க’ என்று நினைப்பார்.

மூன்றாவது, ‘எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.’ நேர்மையான வரிதான். ஆனால் ‘பிடிச்சிருக்கா?’ என்பது நம் ஊரில் பெண் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் மாப்பிள்ளையிடம் கேட்கிற கேள்வி. அந்தச் சொல் தீர்ப்பு மாதிரி விழும். கேட்பவர் உடனே சரி அல்லது இல்லை என்று பதில் தீர்ப்பு எழுத வேண்டும். தலையசைப்பு அளவுக்கே பழக்கமுள்ளவர் பயந்துபோய் இல்லை என்றுதான் எழுதுவார்.

மிச்சம் அழைப்பு. அதிலும் ‘டீ குடிக்க வர்றீங்களா?’, ‘டீ குடிக்கலாமா?’ இரண்டும் ஒன்றில்லை. முதலாவதில் நான் கூப்பிடுகிறேன், நீ வருகிறாயா என்று ஆகிறது. அவர் மறுத்தால் என்னை மறுத்ததாகும். ‘லாமா’வில் இரண்டு பேரும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள், ‘நாம’ என்று சொல்லாமலே நாம வந்துவிடுகிறது. முடியாதென்றால் ‘இன்னைக்கு வேண்டாமே’ என்று நாளைத்தான் மறுக்கிறார், ஆளை இல்லை.

கடைசியில் அனுப்பியது இது: ‘கன்னியக்கோயில்ல பஸ் நின்ன அன்னைக்கு நீங்க சொன்ன பரீட்சைக் கதை பாதியிலயே நின்னுடுச்சு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு டீ குடிக்கலாமா? எனக்கு 6.30 பஸ்.’

பழைய பேச்சு ஒன்றை எடுத்ததால் காரணம் இருக்கிறது. நாள் சொன்னதால் பதில் சொல்வது சுலபம். 6.30 பஸ் என்பது முடிகிற நேரம். பேச்சு நன்றாகப் போகாவிட்டாலும் இருவரும் கௌரவமாக எழுந்து போகலாம். மத்தியானம் ஒன்றரை மணிக்கு அனுப்பினாள். இதே வரி ராத்திரி பத்தரைக்குப் போயிருந்தால் வேறு செய்தியாகியிருக்கும். இடமாகக் கடற்கரைச் சாலையைச் சொல்லவில்லை. சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடுவதால் பாதி ஊர் அங்கே நடக்கிறது, அதில் ஒரு சித்தப்பா கட்டாயம் இருப்பார்.

இந்தச் செய்தியில் ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். வெறும் சிநேகமாகவும் படிக்கலாம். அதை எழுத்தில் சரிசெய்யப் பார்க்க வேண்டாம் என்றேன். டீக்கடையில் வாயால் சொல்லட்டும்: ‘உங்ககூடப் பேசிட்டிருக்கப் பிடிச்சிருக்கு. அதான் நானே கேட்டேன்.’ பிடித்தது ஆளை இல்லை, பேசுவதை. அதனால் தீர்ப்பின் கனம் இல்லை. ஆனால் ‘நானே’யில் இருக்கிற அந்த ஏகாரம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும். அது புரியாத ஆணுக்கு மேற்கொண்டு சொல்லியும் பயனில்லை.

பதிலைப் படிப்பதிலும் தடுமாற வேண்டாம். ‘பார்க்கலாம்’, ‘சொல்றேன்’ என்று நாள் இல்லாமல் வந்தால் நம் ஊர் வழக்கில் அது இல்லைதான். ‘ஓகே சிஸ்டர்’ என்று வந்தால் அவர் தன் பக்கத்திலிருந்து பூட்டைப் போட்டுவிட்டார். இரண்டுக்கும் ‘சரிங்க’ ஒன்று போதும், மறுபடி கேட்கக் கூடாது. மறுநாள் பஸ்ஸில் வழக்கமான தலையசைப்பைத் தொடர்ந்தால் நாலு நாளில் சரியாகிவிடும். முடியாது என்று சொல்லிவிட்டு வேறு நாளைச் சொன்னால் மட்டும் அது ஆமாம். அழைப்பை விட்டுவிட்டு ‘தனியா இருக்கீங்களா?’ என்ற மாதிரி ஏதாவது வந்தால், முதலில் பேசியதையே அவர் அனுமதியாக எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். அதற்கு விளக்கம் எழுத வேண்டாம். எண்ணைத் தடை செய்துவிட்டு வேறு பஸ்ஸைப் பிடிப்பது மேல்.

இவளுக்கு மாலை நாலு மணிக்குப் பதில் வந்தது. ‘செவ்வாய் லேட்டாகும்ங்க. வியாழன் ஓகேவா? கதை கொஞ்சம் பெருசு.’

அது நடந்து மூன்று மாதம் இருக்கும். இப்போதும் பஸ்ஸில் அவர்கள் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்காருவதில்லை, பாதி பேர் தெரிந்த முகம். புதுச்சேரியில் இறங்கியதும் அவர் முன்னால் நடக்கிறார், டீக்கடை திருப்பத்தில் நின்று செருப்பைச் சரிசெய்துகொள்கிறார், இவள் போய்ச் சேருகிறாள்.