38,400 ரூபாய் போச்சு. அச்சுக்கு ஃபைல் அனுப்பப் போகிறவர்கள் படித்துவிட்டு அனுப்புங்கள்

நேற்று மாலை பார்சல் வந்தது. இன்னும் கை நடுங்குகிறது. எங்கள் ஊர்ப் பள்ளி நூற்றாண்டு மலர், 96 பக்கம், 400 பிரதி. பக்கங்களை நான் இன்டிசைனில் வடிவமைத்தேன். முழுப் பணம் 38,400 ரூபாயும் முன்கூட்டியே கட்டியாயிற்று. பணத்தை வாங்கியவர் சொந்த அச்சகம் இல்லாமல், ஆர்டர் பிடித்து வெளியே அடித்துத் தரும் ஏஜென்ட்.

முதல் பிரதியைப் பிரித்தேன். 7ஆம் பக்கத்தில் ஒரு பழைய மாணவி தன் தாயைப் பற்றி எழுதிய கவிதை. "அம்மா" என்ற தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் `mk;kh` என்று அச்சாகியிருக்கிறது. அந்தத் தலைப்பைப் பாமினி எழுத்துருவில் வைத்திருந்தேன். பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தாகத்தான் ஃபைலுக்குள் கிடக்கும். அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வரும். யூனிகோடில் இருந்த கட்டுரைகளெல்லாம் தப்பித்தன. பாமினியில் இருந்த 11 தலைப்புகள் போயின.

படங்கள் இன்னும் மோசம். 1962 ஆசிரியர் குழு புகைப்படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். அச்சில் முகங்கள் கட்டம் கட்டமாக இருக்கின்றன. நான் பல வருடம் கோரல் டிராவில் வேலை செய்தவன். அங்கே இம்போர்ட் செய்த படம் வழக்கமாக ஃபைலுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். இன்டிசைனில் பக்கத்தில் தெரிவது வெறும் முன்னோட்டம், அசல் படம் ஹார்டு டிஸ்கில் தன் இடத்திலேயே இருக்கும். `.indd` ஃபைலை மட்டும் அனுப்பினால் அசல் போகாது. அச்சில் வந்தது அந்த முன்னோட்டம்தான்.

இதைக் கேட்காமலா அனுப்பினேன்? ஏஜென்டிடம் போனில் கேட்டேன். "தம்பி, ஓப்பன் ஃபைல் மட்டும் போதும். நம்ம ஆளு பதினஞ்சு வருஷமா இதே வேலை. பிளேட் போடுறதுக்கு முன்னாடி செக் பண்ணி புரூஃப் அனுப்பிடுவோம்" என்றார். அவ்வளவு நிதானமாகச் சொன்னார், நம்பினேன். புரூஃப் வரவேயில்லை.

அவர்கள் ஆள் திறந்தபோது ஃபாண்ட் இல்லை, படம் இல்லை என்று எச்சரிக்கைப் பெட்டி வந்திருக்கும். எழுத்துகள் பிங்க் பட்டையோடு நின்றிருக்கும். லிங்க்ஸ் பேனலில் ஒவ்வொரு படத்துக்கும் சிவப்பு வட்டத்தில் கேள்விக்குறி. ஒரு போன் போட்டிருக்கலாம். அதற்குப் பதில் காணாமல் போன படத்தைத் தேடி எல்லா லேயரையும் ஆன் செய்திருக்கிறார். நான் மறைத்து வைத்திருந்த குறிப்பு லேயருக்கு `Layer 3` என்றுதான் பெயர், அது என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? விளைவு, 41ஆம் பக்கத்தில் தலைமையாசிரியர் படத்துக்குக் கீழே சிவப்பில் "பெயர் சரிபார்க்கணும்". 400 பிரதியிலும்.

போன் செய்தேன். முதலில் "ஃபைல் உங்க ஃபைல் தம்பி" என்றார். புரூஃப் எங்கே என்று கேட்டதும் "பிரஸ்ல அவசரம்னாங்க". அப்புறம் "முதலாளி வரட்டும்". இன்று காலையிலிருந்து மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக். 38,400 ரூபாய், முன்னாள் மாணவர்கள் ஐந்நூறும் ஆயிரமுமாகக் கொடுத்த பணம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவாவது செய்யுங்கள்.

இன்டிசைனில் `File > Package` கொடுங்கள். ஃபைல், `Links`, `Document fonts` எல்லாம் ஒரே ஃபோல்டராக வரும். அந்த ஃபோல்டரை முழுதாக ஜிப் செய்து அனுப்புங்கள். அடோபியின் ஆன்லைன் ஃபாண்ட்களை அது எடுத்து வைக்காது, கவனம். அனுப்பும் முன் உங்கள் ஃபாண்ட்கள் இல்லாத வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். என் கோளாறு அத்தனையும் அங்கே இரண்டே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

குறிப்பு லேயரை மறைத்து வைக்காதீர்கள், அழித்துவிடுங்கள். மற்ற லேயர்களுக்குப் படம், எழுத்து, பின்னணி என்று பெயர் கொடுங்கள். ஃபைல் பெயரில் `final2` வேண்டாம், தேதி போடுங்கள்.

கூடவே பிடிஎஃப் ஒன்றும் அனுப்புங்கள். அதை அக்ரோபாட்டில் திறந்து `Properties`இல் `Fonts` பக்கத்தைப் பாருங்கள், ஒவ்வொரு ஃபாண்ட் பக்கத்திலும் `Embedded` என்று இருக்க வேண்டும். புரூஃப் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும்.

ஞாயிற்றுக்கிழமை விழா. கவிதை எழுதிய அம்மையார் மதுரையிலிருந்து வருகிறார். 7ஆம் பக்கத்துக்கு ஒட்டுச்சீட்டு அடிக்க இப்போது உள்ளூர் அச்சகத்துக்குக் கிளம்புகிறேன்.