வட்டியில் பிடித்த வரி: 15G கொடுத்துத் தடுப்பதா, கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறுவதா?

அம்மாவின் சொத்தில் என் பங்காக வந்த பணத்தை இரண்டு வங்கிகளில் நிரந்தர வைப்பில் போட்டிருக்கிறேன். ஒன்றில் 8 லட்சம், மற்றொன்றில் 6.5 லட்சம், இரண்டுக்கும் வட்டி 7 சதவீதம். எனக்கு வேறு வருமானம் கிடையாது. ஆண்டுக்கு 56,000 ரூபாயும் 45,500 ரூபாயும் வட்டி வருகிறது. சேமிப்புக் கணக்கின் 1,500 ரூபாயைச் சேர்த்தாலும் மொத்தம் 1,03,000 ரூபாய்தான். 2024-25 நிதியாண்டில் புதிய வரி முறையில் 3 லட்சம் வரையிலும், பழைய முறையில் இரண்டரை லட்சம் வரையிலும் வரி இல்லை. ஆயினும் ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 40,000 ரூபாயைத் தாண்டினால், நம் மொத்த வருமானம் என்னவென்று பாராமலே அந்த வங்கி 10 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிடும் என்பதே அந்த ஆண்டின் விதி. பான் எண் கொடுக்காதவர்களுக்கு அது 20 சதவீதம்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஆண்டின் தொடக்கத்திலேயே, என் வருமானத்துக்கு வரி வராது என்று வங்கிக்கு உறுதியளிக்கும் 15G படிவத்தைக் கொடுத்து வரி பிடிப்பதைத் தடுக்கலாம். அல்லது பிடிக்க விட்டுவிட்டு, ஆண்டு முடிந்தபின் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். (அறுபது வயது நிரம்பியவர்களுக்கு 15H படிவம், அது இங்கே பேசுபொருள் அன்று.) இரண்டையும் ஒவ்வோர் ஆண்டு செய்து பார்த்த பிறகு நான் இரண்டாவது வழிக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

15G படிவத்தின் நன்மை வெளிப்படையானது: பணம் நம் கையை விட்டுப் போவதே இல்லை. ஒரே வங்கியில், ஒரே வாடிக்கையாளர் எண்ணில் வைப்பு வைத்திருப்பவருக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் இணைய வங்கி வழியே ஐந்து நிமிட வேலை. நானும் 2023-24இல் அப்படித்தான் தொடங்கினேன்.

அதன் சிக்கல் பராமரிப்பில் இருக்கிறது. 15G ஓர் ஆண்டுக்கு மட்டுமே செல்லும். ஒவ்வோர் ஏப்ரலிலும் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அதில் நம் மொத்த வருமான மதிப்பீட்டையும், அதே ஆண்டில் வேறு எத்தனை 15G கொடுத்திருக்கிறோம், அவற்றின் மொத்தத் தொகை எவ்வளவு என்பதையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அது உறுதிமொழி, தெரிந்தே பொய்யாகக் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம். ஆகவே ஒரு வங்கியில் பாதி ஆண்டில் புதிய வைப்புத் தொடங்கினால்கூட, முன்பு எழுதிய கணக்கு மாறிவிடுகிறது. எங்கேனும் ஓரிடத்தில் தவறிவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஆண்டே கண்டேன். முதல் வங்கியில் ஏப்ரலில் கொடுத்தேன். இரண்டாவது வங்கியில் கொடுத்த தாள் கணினியில் பதிவாகாமல் போய், 4,550 ரூபாய் பிடித்துவிட்டார்கள். அரசுக்குச் செலுத்திய வரியை வங்கி திருப்பித் தர இயலாது. அதைப் பெறுவதற்குக் கணக்குத் தாக்கல் செய்வது ஒன்றே வழி. எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான் என்றான பிறகு, ஏப்ரலில் இரண்டு வங்கிகளுக்கும் அலைந்தது எனக்கு வீண் என்று பட்டது. கணக்குத் தாக்கல் என்பதோ எத்தனை வங்கிகள் இருந்தாலும் ஒரே வேலை. அதுவும் மதிப்பீட்டை அன்றி, நடந்து முடிந்த உண்மையான எண்களை வைத்துச் செய்வது.

அடுத்த ஆண்டு எங்கும் 15G கொடுக்கவில்லை. இரண்டு வங்கிகளும் சேர்த்து 10,150 ரூபாய் பிடித்தன. மார்ச் முடிந்ததும் தாக்கல் செய்ய அவசரப்படக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டில் பிடித்த வரியின் விவரத்தை வங்கி சமர்ப்பிப்பதற்கு மே 31 வரை கெடு உண்டு. அதற்கு முன் பார்த்தால், நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26AS படிவத்தில் கடைசிக் காலாண்டு விடுபட்டிருக்கலாம். நான் ஜூன் 20 அன்று incometax.gov.in தளத்தில் நுழைந்து, 26AS படிவம், நம் வருமான விவரங்களைத் தொகுத்துத் தரும் AIS அறிக்கை இரண்டிலும் உள்ள தொகைகளை வங்கிச் சான்றிதழ்களோடு ஒப்பிட்டபின் ITR-1 என்னும் படிவத்தில் கணக்குத் தாக்கல் செய்தேன். பெரும்பாலான கட்டங்கள் ஏற்கெனவே நிரம்பியே இருந்தன. சேமிப்புக் கணக்கின் வட்டியில் வரி பிடிப்பதில்லை என்பதற்காக அதைச் சிலர் விட்டுவிடுகிறார்கள்; அதையும் காட்ட வேண்டும்.

இங்கே தவறு நேரும் இடம் ஒன்று உண்டு. கணக்கில் வந்து விழுந்த தொகையைப் பார்த்து வட்டியை எழுதினால், முதல் வங்கிக்கு 50,400 ரூபாய் என்று எழுதிவிடுவோம். உண்மையில் வட்டி 56,000 ரூபாய். 5,600 ரூபாய் அதிலிருந்து பிடிக்கப்பட்ட வரி. குறைந்த வட்டியைக் காட்டி முழு வரியையும் திரும்பக் கேட்டால் 26AS விவரத்தோடு பொருந்தாது. முதிர்வில் மொத்தமாக வட்டி பெறும் வைப்புகளில் இது இன்னும் மறைவாக நடக்கும்: கையில் ஒரு ரூபாயும் வராத ஆண்டிலும் வங்கி வட்டியைக் கணக்கிட்டு வரி பிடிக்கும், அந்த ஆண்டிலேயே வட்டியையும் காட்டி வரியையும் கோர வேண்டும்.

தாக்கல் செய்தபின் 30 நாள்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்க்காவிட்டால், உரிய நாளில் தாக்கல் செய்ததாகக் கொள்ளமாட்டார்கள். பணம் வரவேண்டிய வங்கிக் கணக்கையும் அதே தளத்தில் முன்கூட்டியே உறுதிசெய்து வைக்க வேண்டும். பான் அட்டையிலுள்ள பெயரும் வங்கிக் கணக்கிலுள்ள பெயரும் வேறுபட்டால், குறிப்பாகத் திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிய பெண்களுக்கு, இந்த இடத்தில்தான் பணம் நின்றுவிடுகிறது. எனக்கு ஜூலை நடுவில் 10,150 ரூபாயோடு 202 ரூபாய் கூடுதலாக வந்தது. கெடுவுக்குள் தாக்கல் செய்தவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் மாதத்துக்கு அரை சதவீத வட்டி தருகிறார்கள்; நூறின் மடங்காகக் குறைத்த 10,100 ரூபாய்க்கு நான்கு மாதக் கணக்கு அது. அந்த 202 ரூபாயும் அடுத்த ஆண்டின் வருமானமே.

பணம் ஓராண்டு வரை அரசிடம் முடங்குகிறது என்பது இவ்வழியின் குறை. மாத வட்டியை நம்பிக் குடும்பம் நடத்துபவருக்கு அது சிறியது அன்று. கெடு தவறினாலும் வருமானம் விலக்கு வரம்புக்குள் இருந்தால் தாமதக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த நிதியாண்டுக்கு அடுத்து வரும் மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31க்குப் பிறகு தளத்தில் வழக்கம்போல் தாக்கல் செய்ய முடியாது. அதன் பின் தாமதத்தைப் பொறுக்கும்படி தனியே விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்தாண்டுகள் வரை அதற்கு இடமுண்டு, வட்டி கிடைக்காது. நான் அந்த வழியில் போனதில்லை. என் அனுபவம் இரண்டு ஆண்டுகளும் சிறு தொகைகளும் மட்டுமே.

2025 ஏப்ரல் முதல் வரி பிடிக்கும் வரம்பு 50,000 ரூபாயாகவும், புதிய முறையின் விலக்கு வரம்பு 4 லட்சமாகவும் உயர்ந்தன. அதனால் என் இரண்டாவது வங்கி 15G இல்லாமலே பிடித்தத்தை நிறுத்திவிட்டது. ஒரே வங்கியில் பிடித்தம் என்னும் நிலைக்கு வந்தவர்கள் 15G பக்கம் சாய்வதில் நியாயம் இருக்கிறது.

எந்த வழியானாலும் முதலில் பார்க்க வேண்டியது, அந்த வட்டி சட்டப்படி யாருடைய வருமானம் என்பதை. தாய்வழிச் சொத்திலிருந்து வந்த பணம் என்பதால் என் வட்டி என்னுடையது. கணவர் அன்பளிப்பாகக் கொடுத்த பணத்தை மனைவி தன் பெயரில் வைப்பாக வைத்தால், அதன் வட்டி கணவரின் வருமானத்தோடு சேரும். மனைவி 15G கொடுப்பதும் தவறு, தன் வருமானம் என்று காட்டி வரியைத் திரும்பக் கேட்பதும் தவறு. பதினெட்டு வயது நிரம்பிய கல்லூரி மாணவருக்குப் பெற்றோர் கொடுத்த பணத்தில் இந்தச் சேர்க்கை இல்லை. அவருடைய வட்டி அவருக்கே உரியது, கல்விக்கான உதவித்தொகைக்கும் வரி கிடையாது. என் கணவர் முன்பு என் பெயரில் போட்ட ஒரு சிறு வைப்பை அதனால்தான் மேலே சொன்ன கணக்கில் சேர்க்கவில்லை. அதன் வட்டியை அவரே தம் கணக்கில் காட்டி வருகிறார்.