சம்பளக் கணக்கை மாற்றச் சொல்லி ஒரு கடிதம், போனது 38,450

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் ஒரு மாதச் சம்பளம், முழுசாக 38,450, யாரென்றே தெரியாத ஒருவனின் கணக்கில் போய் விழுந்திருக்கிறது. அனுப்பியது என் அலுவலகம். அனுப்பச் சொன்னது, அவர்களைக் கேட்டால், நான்.

விஷயம் ரொம்பச் சாதாரணமாக ஆரம்பித்தது. வேறு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கினேன், சம்பளத்தை அதற்கு மாற்ற வேண்டும். எச்.ஆரில் கேட்டதற்கு "ஒரு கடிதம் எழுதி மெயில் பண்ணுங்க, போதும்" என்றார்கள். இந்த மாதிரிக் கடிதமெல்லாம் எனக்கு ஒழுங்காக வராது. ஆகஸ்ட் 12, ஞாயிறு ராத்திரி, தேடிப்பார்த்ததில் அலுவலகக் கடிதங்களை இலவசமாகத் தயாரித்துத் தரும் ஒரு தளம் கிடைத்தது. பெயர், பணியாளர் எண், பழைய கணக்கு, புதிய கணக்கு, எந்த மாதத்திலிருந்து மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு கட்டமாகக் கேட்டது, நிரப்பினேன். வந்த கடிதம் நன்றாகவே இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். "இதுவரை 2086 என்று முடியும் கணக்குக்கு வந்த என் சம்பளத்தை, செப்டம்பர் மாதச் சம்பளம் முதல் 7751 என்று முடியும் என் புதிய கணக்கில் செலுத்தவும். ஆகஸ்ட் சம்பளம் பழைய கணக்கிலேயே வரட்டும்." இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

அதற்குக் கீழே ஒரு பொத்தான்: "உங்கள் மெயிலிலிருந்தே நேரடியாக அனுப்புக." அழுத்தினேன். என் மெயிலின் நுழைவுப் பக்கம் மாதிரியே ஒன்று வந்தது. கடவுச்சொல் போட்டேன். போனுக்கு ஆறு இலக்க எண் வந்தது, அதையும் போட்டேன். கடிதம் உண்மையாகவே எச்.ஆருக்குப் போய்ச் சேர்ந்தது, என் அனுப்பிய பெட்டியிலும் இருந்தது. அதனால் சந்தேகமே வரவில்லை. ஏமாற்றுகிறவன் சொன்ன வேலையை முதலில் ஒழுங்காகச் செய்துகொடுப்பான் என்று யார் நினைப்பார்கள்?

ஆகஸ்ட் 16 அன்று, அதே மெயிலுக்குத் தொடர்ச்சியாக, என் பெட்டியிலிருந்தே இன்னொரு கடிதம் போயிருக்கிறது. "முந்தைய கடிதத்தில் கணக்கு எண் தவறாகிவிட்டது. சரியான எண் 3094 என்று முடிவது. அவசரத் தேவை இருப்பதால் ஆகஸ்ட் சம்பளத்திலிருந்தே மாற்றிவிடவும்." கணக்கு எண்ணை மட்டும் மாற்றவில்லை பாருங்கள், மாதத்தையும் மாற்றியிருக்கிறான். எச்.ஆரில் சம்பளப் பட்டியலை 20ஆம் தேதி முடித்துவிடுவார்கள். செப்டம்பர் வரை விட்டால் அதற்குள் நான் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா?

எச்.ஆரில் ஒருவர் சந்தேகப்பட்டு "கணக்கு எண்ணை உறுதிப்படுத்தவும்" என்று கேட்டிருக்கிறார். ஆனால் கேட்டது அதே மெயிலில். "ஆம், சரிதான், நன்றி" என்று பதிலும் போயிருக்கிறது. நான் எதையுமே பார்க்கவில்லை. ஏனென்றால் என் மெயிலின் அமைப்புகளில் ஒரு வடிகட்டி போட்டு வைத்திருந்தான்: எச்.ஆர். முகவரியிலிருந்து வருவது, "சம்பளம்", "கணக்கு" என்ற சொற்கள் இருப்பது, எல்லாம் படித்ததாகக் குறிக்கப்பட்டு நான் திறந்தே பார்க்காத ஒரு கோப்புறைக்குப் போய்விடும். பிறகு அதைத் திறந்தபோது, என் பெயரில் இரண்டு பேர் மரியாதையாகப் பேசிக்கொண்ட மொத்த உரையாடலும் அங்கே இருந்தது. படிக்கப் படிக்க உடம்பு கூசியது.

31ஆம் தேதி, வெள்ளி, சம்பளம் போட்டுவிட்டார்கள். பழைய கணக்கில் வரவில்லை. தாமதம் போல என்று அன்று விட்டுவிட்டேன். சனி சாயங்காலம்தான் உறைத்தது, அதற்குள் அலுவலகமும் மூடியாயிற்று, வங்கியும் மூடியாயிற்று. திங்கட்கிழமை காலையிலிருந்து ஓட ஆரம்பித்தேன்.

எச்.ஆர்.: "உங்க மெயில்லருந்துதான் வந்துது, நாங்க உறுதியும் பண்ணிக்கிட்டோம்." முதல் கடிதத்தோடு என் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல் இருந்தது, இரண்டாவதில் எந்த நகலும் இல்லை, வங்கியே வேறு, அதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பதில் இல்லை.

என் புதிய வங்கி: "எங்களிடம் எதுவும் வரவில்லை, அனுப்பியவரைக் கேளுங்கள்." பணம் போய்ச் சேர்ந்த வங்கி: "நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை." பெயர் என்னுடையது, கணக்கு வேறொருவனுடையது, எப்படி ஏற்றுக்கொண்டீர்கள் என்றேன். கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் வரவு வைப்போம், பெயரைப் பொருத்திப் பார்ப்பதில்லை என்றார் அங்கிருந்தவர், ஏதோ மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல.

அந்தக் கடிதத் தளத்துக்கும் எழுதினேன். "48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்" என்று தானாக ஒரு பதில் வந்தது. ஐந்து நாளாகிறது.

கடைசியில்தான் தெரிந்தது, பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கையை நான் கொடுக்கவே முடியாதாம். பணம் அனுப்பியது நிறுவனத்தின் கணக்கு, அதனால் நிறுவனம்தான் தன் வங்கி வழியாகக் கொடுக்க வேண்டும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். செவ்வாய் மதியம் கொடுத்தார்கள். அந்தக் கணக்கில் மீதி 212 இருந்ததாம். 38,450 போன இடத்தில் 212. வெள்ளிக்கிழமையே எடுத்துவிட்டிருக்கிறான். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறேன், இப்போதைக்கு அவ்வளவுதான்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், தெம்பில்லை. அவசரமாகச் சிலது மட்டும். கடிதத்தை நீங்களே எழுதுங்கள், நாலு வரிதான், எந்தத் தளமும் வேண்டாம். "இந்தக் கணக்கு எண்ணில் இனி எந்தத் திருத்தமும் நான் நேரில் வந்து கையெழுத்திட்டால் மட்டுமே ஏற்கவும்" என்று அதிலேயே ஒரு வரி சேருங்கள். பட்டியல் முடிவதற்கு முன் சம்பளப் பிரிவுக்குப் போன் செய்து, அவர்களிடம் உள்ள எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். பழைய கணக்கை உடனே மூடாதீர்கள். மெயிலில் சந்தேகம் வந்தால் கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, நான் மாற்றிய பிறகும் அந்த வடிகட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது. அதை அழியுங்கள், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள்.

இன்று காலை எச்.ஆரிலிருந்து போன். செப்டம்பர் சம்பளத்துக்குச் சரியான கணக்கு விவரம் வேண்டுமாம். "ஒரு மெயில் போட்டுடுங்க" என்றார்கள். நாளை காகிதத்தோடு நேரில் போகிறேன்.