சொந்த மாஸ்காட்டா, இரவல் கதாபாத்திரமா?

குழந்தைகளுக்கான ஒரு தின்பண்டத்துக்குத் தனி முகம் வேண்டுமென்றால், நிறுவனம் தானே ஒரு மாஸ்காட்டை, அதாவது பண்டத்துக்கான அடையாளக் கதாபாத்திரத்தை, உருவாக்கலாம். அல்லது புகழ்பெற்ற கார்ட்டூன் கதாபாத்திரத்தை உரிமத்தொகை செலுத்தி இரவல் பெறலாம். விரைவாகக் கண்ணில் படுவது இரண்டாவது வழிதான். 2010இல் அமெரிக்காவில் 4 முதல் 6 வயது வரையுள்ள 40 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், ஒரே பிஸ்கட்டைக் கதாபாத்திரப் படம் உள்ள உறையிலும் இல்லாத உறையிலும் கொடுத்தபோது, பெரும்பாலோர் படமுள்ளதே சுவையானது என்றனர். ஆயினும் கேரட்டில் அந்த விளைவு வலுவாக இல்லை. இரவல் முகத்துக்கு இன்னொரு குறையும் உண்டு: அதே கதாபாத்திரம் நாளை பற்பசையிலும் பள்ளிப்பையிலும் இருக்கும் என்பதால், குழந்தையின் நினைவில் கார்ட்டூன் தங்கும், தின்பண்டத்தின் பெயர் தங்காது.

சொந்த மாஸ்காட் மெதுவாகவே வேரூன்றும். 1952இல் கெல்லாக்ஸ் நிறுவனம் சர்க்கரை பூசிய சோளச் செதில்களை அறிமுகப்படுத்தியபோது, டோனி என்ற புலியோடு கேட்டி என்ற கங்காருவும் பெட்டிகளில் இடம்பெற்றது. புலி வென்றதும் கங்காரு விலக்கப்பட்டது. அந்தப் புலிக்கு ஒரே உணவு, ஒரே கர்ஜனை வாக்கியம், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குரல் கலைஞர் என்ற கட்டுப்பாடு இருந்தது. ஆளுமை என்று நாம் உணர்வது பெரும்பாலும் இந்தக் கட்டுப்பாட்டைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

மிகைப்பயன்பாடு கெடுப்பதும் இதையே. மொறுமொறுப்பான சோள வளையங்களுக்கு ஓர் அணிலை வைத்திருப்பதாகக் கொள்வோம். கடிக்கும் சத்தம் கேட்டால் காதை நிமிர்த்துவதே அதன் இயல்பு. பிறகு அதே அணிலை மென்மையான கேக்கிலும் பழச்சாற்றிலும் ஒட்டி, பண்டிகைதோறும் உடை மாற்றினால், காது நிமிர்வதற்குக் காரணமே இல்லாமல் போய், அது வெறும் அலங்காரமாகிவிடும். உறையின் முன்பக்கத்தை அணிலே அடைத்துக்கொள்வதால் தக்காளிச் சுவை எது, சீஸ் சுவை எது என்று பெற்றோர் தடுமாறுவர். இதைச் சோதிப்பது எளிது: விளம்பரத்தைப் பார்த்த குழந்தைகளிடம் மறுநாள் கேளுங்கள். அணிலைப் பற்றி உற்சாகமாகப் பேசிவிட்டு, அது என்ன தின்றது என்று சொல்ல முடியாவிட்டால், கதாபாத்திரம் பண்டத்தை விழுங்கிவிட்டது என்று பொருள்.

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. சர்க்கரையோ உப்போ கொழுப்போ வரம்பை மீறியதற்கான எச்சரிக்கை முத்திரை பெறும் உணவுகளின் உறைகளில், குழந்தைகளைக் கவரும் கதாபாத்திரங்களைச் சிலி 2016 முதல் தடை செய்தது. மெக்சிகோவிலும் பின்னர் அத்தகைய தடை வந்தது. அங்கே சொந்த மாஸ்காட்டும் இரவல் கதாபாத்திரமும் ஒன்றாகவே நீங்கின. நிறம், எழுத்துரு, பண்டத்தின் வடிவம் ஆகியவற்றிலும் அடையாளத்தை வளர்த்திருந்த பிராண்டை அதன் பின்னும் அலமாரியில் கண்டுகொள்ளலாம். ஆகவே நான் சொந்த மாஸ்காட்டையே தேர்வேன்; அதையும் ஒரே பண்ட வகையில், உறையின் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வைப்பேன்.